ஸ்டாண்டர்ட் 900, பில் 940: நடுவில் நிற்கும் 40 ரூபாயை எங்கே எழுதுவது?

“எங்கள் மோட்டார் பம்ப் கம்பெனியில் காப்பர் வைண்டிங் வயருக்கு ஸ்டாண்டர்ட் காஸ்ட் கிலோ 900 ரூபாய். இந்த முறை 500 கிலோ வாங்கினோம், சப்ளையர் 940 போட்டு பில் அனுப்பியிருக்கிறார். எங்கள் அக்கவுண்டன்ட் ஸ்டாக்கை 940-க்கே ஏற்றிவிட்டார். ஆடிட்டர் அது தப்பு என்கிறார். என்ட்ரி எப்படிப் போட வேண்டும்?”

ஆடிட்டர் சொல்வது சரிதான். ஸ்டாண்டர்ட் காஸ்டிங், அதாவது முன்கூட்டியே நிர்ணயித்த விலையில் கணக்கு, வைத்திருக்கும் கம்பெனியில் ஸ்டாக் கணக்குக்குள் 900-ஐத் தவிர வேறு விலை நுழையக்கூடாது. மிச்சம் 40 ரூபாய் பர்ச்சேஸ் பிரைஸ் வேரியன்ஸ் என்ற தனிக் கணக்குக்குப் போகும். 500 கிலோவுக்கு 20,000 ரூபாய்.

சரக்கு உள்ளே வந்து ஜி.ஆர்.என். என்ற சரக்கு வரவுச் சீட்டைப் போடும் அன்று பில் கையில் இருக்காது. அதனால் பில் வரும்வரை தொகையைக் கிளியரிங் கணக்கில் நிறுத்தி, முதலில் இது:

ஸ்டாக் – வைண்டிங் வயர், டெபிட் 4,50,000
ஜி.ஆர்.என். கிளியரிங், கிரெடிட் 4,50,000

அப்புறம் பில் வந்ததும் இது. ஜி.எஸ்.டி. 18 சதவீதம், சப்ளையர் உங்கள் மாநிலத்துக்காரர் என்று வைத்துக்கொள்கிறேன்:

ஜி.ஆர்.என். கிளியரிங், டெபிட் 4,50,000
பர்ச்சேஸ் பிரைஸ் வேரியன்ஸ், டெபிட் 20,000
உள்ளீட்டு சி.ஜி.எஸ்.டி., டெபிட் 42,300
உள்ளீட்டு எஸ்.ஜி.எஸ்.டி., டெபிட் 42,300
சப்ளையர், கிரெடிட் 5,54,600

வரி 940-க்குத்தான் கணக்காகும், 900-க்கு அல்ல. அந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொள்வதால் வேரியன்ஸில் அது கலக்காது. பில் 880 என்று வந்திருந்தால் வேரியன்ஸ் கிரெடிட் பக்கம் 10,000 ஆக நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாவது என்ட்ரியைப் போடும் முன் பர்ச்சேஸ் ஆர்டரை எடுத்துப் பாருங்கள். ஆர்டரிலேயே 940 இருந்தால் பிரச்சினை இல்லை. பல சாஃப்ட்வேர்கள் அப்போது ஜி.ஆர்.என். அன்றே 20,000-ஐ வேரியன்ஸில் எழுதிவிடும், கிளியரிங் கணக்கும் 4,70,000 ஆக நிற்கும். ஆர்டர் 900 என்று சொல்ல, பில் மட்டும் 940 என்றால் பில்லை நிறுத்தி பர்ச்சேஸ்காரரிடம் கேளுங்கள். சப்ளையர் தப்பை ஒத்துக்கொண்டு கிரெடிட் நோட் கொடுத்தால், சப்ளையர் டெபிட் 23,600. வேரியன்ஸ் கிரெடிட் 20,000. இரண்டு வரிக் கணக்கும் தலா 1,800 கிரெடிட்.

வேரியன்ஸ் கிரெடிட்டில் நிற்கிறது என்றாலே பேரம் நன்றாக நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். நான் பார்த்த ஒரு கம்பெனியில் மாதா மாதம் சாதகமான வேரியன்ஸ்தான், பர்ச்சேஸ் மேனேஜருக்கு ஒரே பாராட்டு. பில்களை உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால், 900 ரூபாய் ஸ்டாண்டர்டில் லாரி வாடகை 12 ரூபாய் சேர்ந்திருக்கிறது. லாரிக்காரர் பில்லோ தனியாகச் செலவுக் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. சப்ளையர் 888 போட்டாலே 12 ரூபாய் லாபம் போல் தெரியும். ஸ்டாண்டர்டில் எதெல்லாம் அடக்கமோ, அதற்கான பில்லும் அதே இடத்துக்கு வர வேண்டும்.

வருடக் கடைசிக்கு வருவோம். 20,000-ஐ அப்படியே செலவில் தள்ளுவதுதான் பலர் செய்வது. தொகை சிறியதென்றால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் ஸ்டாண்டர்ட் காஸ்ட் அசல் விலைக்குக் கிட்டத்தட்ட நெருங்கி இருந்தால்தான் அதில் சரக்கை மதிப்பிடலாம் என்பது இந்திய கணக்கியல் தரநிலை. வித்தியாசம் பெரிதென்றால் பிரிக்க வேண்டும். மார்ச் 31 அன்று அந்த 500 கிலோவில் 150 கிலோ இன்னும் ஸ்டோரில் சுருளாகவே இருக்கிறது, மீதி பம்பாகி விற்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 30 சதவீதம், அதாவது 6,000 ரூபாய், சரக்கோடு நிற்க வேண்டும்:

ஸ்டாக் – வேரியன்ஸ் சரிக்கட்டல், டெபிட் 6,000
விற்ற சரக்கின் அடக்கம், டெபிட் 14,000
பர்ச்சேஸ் பிரைஸ் வேரியன்ஸ், கிரெடிட் 20,000

வயர் கணக்கின் 900-ஐத் தொடாமல் சரிக்கட்டலுக்குத் தனிக் கணக்கு வைத்திருப்பதைக் கவனியுங்கள். அந்த 150 கிலோ விற்ற பொருளுக்குள் போகும்போது 6,000-மும் அடக்கத்துக்குப் போகும்.

இதில் பலர் கால் இடறுவது ஏப்ரல் 1 அன்று. விலை இறங்காது என்று ஸ்டாண்டர்டை 940 ஆக்குவீர்கள். உடனே கையிருப்பு 150 கிலோவையும் சிஸ்டம் 40 ரூபாய் ஏற்றி, ஸ்டாக்கை 6,000 டெபிட், மறுமதிப்பீட்டுக் கணக்கை 6,000 கிரெடிட் செய்துவிடும். சரிக்கட்டல் கணக்கில் ஏற்கெனவே அதே 6,000 உட்கார்ந்திருக்கிறது. அப்படியே விட்டால் ஒரே வயருக்கு இரண்டு முறை விலை ஏற்றியதாகிவிடும். அன்றைக்கே மறுமதிப்பீட்டுக் கணக்கை டெபிட் செய்து, சரிக்கட்டல் கணக்கைக் கிரெடிட் செய்து, இரண்டையும் நேர் செய்துவிடுங்கள்.