முகூர்த்த ப்ளவுஸுக்கு எந்தக் கழுத்து? ஒரு போட்டோ போதும்

செல்ஃபியில் பார்த்தால் எனக்குக் கழுத்தே இல்லாத மாதிரி இருக்கிறது. கண்ணாடியில் அப்படித் தெரியவில்லை. எதை நம்பி ப்ளவுஸ் கழுத்தை முடிவு செய்வது?

செல்ஃபியை நம்பாதீர்கள். கையை உயர்த்தி மேலிருந்து எடுப்பதால் தாடை கழுத்தை மறைத்துவிடும். முகம் கேமராவுக்கு மிக அருகில் இருப்பதால் பெரிதாகவும், பின்னால் இருக்கும் தோள் சிறிதாகவும் விழும். அதாவது கழுத்து, தோள் இரண்டுமே தப்பாகத் தெரியும்.

வேறு ஒருவரை எடுக்கச் சொல்லுங்கள். போனின் பின்பக்கக் கேமரா, சாதாரண 1x அளவு, எட்டு ஒன்பது அடி தள்ளி, உங்கள் நெஞ்சு உயரத்தில் போனைச் சாய்க்காமல் பிடிக்க வேண்டும். முடியைத் தூக்கிக் கொண்டை போட்டு, தோள் எலும்பு தெரியும்படி ஒட்டிய பனியனோ ஸ்லிப்போ போட்டுக்கொண்டு, கைகளைத் தொங்கவிட்டு நேராகப் பாருங்கள். 'போட்டோ' என்றதும் மூச்சை இழுத்துத் தோளைத் தூக்குகிறவர்கள்தான் அதிகம். மூச்சை விட்டபின் எடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது பள்ளிக்கூட ஸ்கேலைத் திரைமேல் வைத்து நான்கு அளவு எடுங்கள். கன்னத்து எலும்பருகே முக அகலம். ஒரு தோள் எலும்பின் முனையிலிருந்து மறு முனை வரை தோள் அகலம். முடி தொடங்கும் இடத்திலிருந்து தாடை வரை முக நீளம். தாடையிலிருந்து தொண்டைக் குழி வரை கழுத்து நீளம்.

நான் கடையில் வைத்திருக்கும் கணக்கு இதுதான். தோள், முக அகலத்தைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை இருந்தால் சராசரி. மூன்றைத் தாண்டினால் அகலத் தோள், இரண்டரைக்குக் கீழே போனால் குறுகல். கழுத்து, முக நீளத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருந்தால் சராசரி. கால் பங்குக்கும் குறைந்தால் குட்டை, பாதியை நெருங்கினால் நீளம். இது தையல்காரி கணக்கு, மில்லிமீட்டருக்குச் சண்டை போடாதீர்கள்.

நீங்கள் சொன்னபடி எடுத்தோம். தங்கையின் முக அகலம் 21 மி.மீ., தோள் 66, முக நீளம் 30, கழுத்து 7. அவளுக்குக் காலர் வைத்த ஹை நெக்தான் வேண்டுமாம். சரியாக வருமா?

66ஐ 21ஆல் வகுத்தால் 3.1, அகலத் தோள். 30இல் 7 என்றால் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு, குட்டைக் கழுத்து. இந்த இரண்டும் சேர்ந்தவருக்குக் காலர் போட்டால் இருக்கும் கொஞ்சக் கழுத்தையும் துணி மூடிவிடும். தாடைக்குக் கீழே நேரே பட்டுத்துணி தொடங்கி, தோள் இன்னும் அகலமாகத் தெரியும். போட் நெக்கும் வேண்டாம். தோளுக்குத் தோள் ஒரு படுக்கைக் கோடு போட்டால் அகலத்தைத்தான் அது எடுத்துக்காட்டும்.

காலருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தாலியின் மூன்று முடிச்சும் விழுவது பின் கழுத்தில். அங்கே கேன்வாஸ் வைத்த காலரும், ஜடையும், ஆரத்தின் கயிறும், மாலையும் ஒன்றாகக் குவியும். நாத்தனார் முடிச்சுப் போட இடம் தேடுவதை நான் பார்த்திருக்கிறேன். ரிசப்ஷனுக்குக் காலர் ஆசை என்றால் அது வேறு விஷயம்.

தங்கைக்கு நான் வெட்டுவது அகலம் குறைந்து, இறக்கம் கூடிய யூ கழுத்து. உதாரணத்துக்கு டேப்பில் ஷோல்டர் 15 அங்குலம் வந்தால், இரு பக்கமும் மூன்றரை அங்குலப் பட்டை விட்டு, நடுவில் 8 அங்குலம் திறப்பு. முன் இறக்கம் 7 அங்குலத்தில் தொடங்கி, போட்டுப் பார்த்து முடிவு செய்யலாம். அப்படியானால் வி கழுத்து இன்னும் நல்லதில்லையா என்று கேட்பீர்கள். சுடிதாருக்கு நல்லதுதான். புடவையில் முந்தானை வலது இடுப்பிலிருந்து இடது தோளுக்கு ஏறி, கழுத்தின் இடது பாதியை மூடுகிறது. வலப்பக்கம் கழுத்தின் ஓரம், இடப்பக்கம் முந்தானையின் ஓரம், இரண்டும் சேர்ந்து ஒரு வி தானாகவே விழும். யூ வெட்டினாலே போதும்.

அப்புறம் நகை. கழுத்தை ஒட்டிய அட்டிகையும் காலர் செய்யும் வேலையையே செய்யும். தொண்டைக் குழிக்குக் கீழே உட்காரும் நெக்லஸும் ஆரமும் எடுத்து வையுங்கள். தோளில் பஃப் கை வேண்டவே வேண்டாம்.

எனக்கு நீளக் கழுத்து, குறுகிய தோள். போட் நெக் பொருந்தும் என்றார்கள், தைத்தேன். நிச்சயதார்த்தம் முழுக்க வலது பக்கம் நழுவிக்கொண்டே இருந்தது. முகூர்த்தத்துக்கு மாற்ற வேண்டுமா?

மாதிரி சரி. போட்டோவில் நீங்கள் அகலத்தைப் பார்த்தீர்கள், சரிவைப் பார்க்கவில்லை. கழுத்தடியிலிருந்து தோள் முனை வரை திரையில் ஒரு கோடு வைத்துப் பாருங்கள். அது செங்குத்தாக இறங்குகிற மாதிரி இருந்தால் சரிந்த தோள். அதன்மேல் எந்தப் பட்டையும் வழுக்கும். இடப்பக்கத்தை முந்தானைப் பின் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் வலது மட்டும் நழுவியது.

உங்கள் ப்ளவுஸில் பின்கழுத்தும் ஆழமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். முன்னால் அகலம், பின்னால் ஆழம் என்று இரண்டையும் கேட்டால் ப்ளவுஸைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. போட் நெக்கை வைத்துக்கொண்டு பின்கழுத்தை நாலு அங்குலத்தில் நிறுத்துங்கள். பானைக் கழுத்துதான் பின்னால் வேண்டும் என்றால் மேலே ஒரு கயிறு கட்டாயம். குஞ்சம் அழகுக்கு, கயிறு பிடிமானத்துக்கு. ஷோல்டர் 13 அங்குலம் என்றால் பட்டை இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும், திறப்பு 9 வரும். தோள் சரிவை வெட்டும்போதே கூட்டி இறக்கச் சொல்லுங்கள். பட்டையின் உள்பக்கம் மெல்லிய பேட் வைத்தால் சரிவும் கொஞ்சம் நிமிரும்.

நீளக் கழுத்துக்கு அட்டிகை எடுப்பாக இருக்கும். போட் நெக்குக்கு மேலே வெறுமையாக நிற்கும் இடத்தை அது நிரப்பும்.

வெளிநாட்டில் இருக்கிறேன். போட்டோ அனுப்பினால் இங்கே வராமலேயே தைத்துத் தருவீர்களா?

வடிவம் போட்டோவில் கிடைக்கும், அளவு கிடைக்காது. நன்றாக உட்காரும் அளவு ப்ளவுஸ் ஒன்றும் கூரியரில் வர வேண்டும். ஆரி வேலை இருந்தால் இன்னும் கவனம். கழுத்தின் கோட்டைத் துணியில் வரைந்த பிறகுதான் சட்டத்தில் மாட்டி வேலை போடுவார்கள். மணியும் ஜர்தோசியும் ஏறிய பிறகு அரை அங்குலம் அகலமாக்கினாலும் வேலைப்பாடு அறுந்துவிடும். அதனால் முதலில் சாதா லைனிங் துணியில் கழுத்தை மட்டும் வெட்டித் தைத்து அனுப்புவேன். அதைப் போட்டு, மேலே ஏதாவது ஒரு புடவையை முந்தானையோடு கட்டி, அதே எட்டடி தூரத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். அது சரி என்ற பிறகுதான் பட்டில் பென்சில் வைப்பேன்.

அம்மாவுக்கும் இதே கணக்குதானா?

இதேதான். ஆனால் முதுகு லேசாகக் கூன் விழுந்திருந்தால் தலை முன்னால் வந்து, முன்பக்கப் போட்டோவில் கழுத்து குட்டையாகத் தெரியும். பக்கவாட்டில் ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டு, முன் கழுத்தை அரை அங்குலம் மட்டும் இறக்கச் சொல்லுங்கள்.