கல் கிணறு ஒன்று, கேள்விகள் பல: கொலிஷனும் எல்ஓடியும்

கொலிஷன் என்பது எது எதில் இடிக்கும் என்று விளையாட்டு எஞ்சின் கணக்கிடப் பயன்படுத்தும் மறை வடிவம். எல்ஓடி என்பது தூரம் கூடக் கூட மாற்றிக் காட்டும் குறைந்த முக்கோண மெஷ். இவை பற்றி வந்த எல்லாக் கேள்விக்கும் ஒரே பொருளை வைத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் பேச்சு எங்கெங்கோ போய்விடும். பொருள் ஒரு கல் கிணறு. வெளி விட்டம் 2 மீட்டர், உள் விட்டம் 1.5 மீட்டர், கைப்பிடிச் சுவர் 80 செ.மீ. உயரம். இரண்டு மரத்தூண், குறுக்கே ஒரு உத்திரம், அதில் கப்பி, 3 செ.மீ. தடிமனில் கயிறு. தூண் உச்சி 2.4 மீட்டர். மொத்தம் 6,400 முக்கோணம். பிளெண்டரில் செய்து அன்ரியல் 5-க்குள் கொண்டுபோவதாக வைத்துக்கொள்வோம்.

கவின்: அக்கா, என் கிணத்துக்குள்ள வாளி இறங்கவே மாட்டேங்குது. கண்ணுக்குத் தெரியாத மூடி போட்ட மாதிரி வாய் மேலயே நிக்குது. கொலிஷனை எட்டுத் துண்டா சரியாத்தான் செஞ்சிருக்கேன்.

எட்டுத் துண்டையும் கடைசியில் Ctrl+J போட்டு ஒரே ஆப்ஜெக்டாக இணைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மெஷ்ஷை அன்ரியலில் திறந்து, மேலே உள்ள கொலிஷன் மெனுவில் Simple Collision-ஐ இயக்கிப் பாருங்கள். கோடுகள் கிணற்று வாயின் குறுக்கே ஓடினால் சந்தேகமே இல்லை.

UCX என்று பெயர் தொடங்கும் ஒவ்வொரு ஆப்ஜெக்டையும் அன்ரியல் ஒரு கான்வெக்ஸ் வடிவமாக எடுத்துக்கொள்ளும். அதாவது எல்லாப் புள்ளிகளையும் சுற்றி இறுக்கித் துணி கட்டிய மாதிரி ஒரு வடிவம். அதில் பள்ளமோ ஓட்டையோ இருக்க முடியாது. நீங்கள் உள்ளே வளையமாக வைத்திருந்தாலும் வெளியே வருவது மூடிய உருளைதான். எடிட் மோடில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, P அழுத்தி By Loose Parts கொடுத்துத் திரும்பப் பிரியுங்கள். பெயர் இப்படி இருக்க வேண்டும்:

```
SM_Well
UCX_SM_Well_00
UCX_SM_Well_01
...
UCX_SM_Well_07
```

UCX_ என்பதற்குப் பின்னால் வருவது காட்சி மெஷ்ஷின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பிளெண்டர் நகலெடுக்கும்போது ஒட்டவைக்கும் `.001` வால்களை எல்லாம் எடுத்துவிடுங்கள். Ctrl+A-வில் ஸ்கேலையும் அப்ளை செய்துவிடுங்கள்.

இறக்குமதிப் பெட்டியில் One Convex Hull Per UCX என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டால் இணைந்த துண்டையே அன்ரியல் தானாகப் பிரித்துக்கொள்ளும். ஆனால் எங்கே வெட்டும் என்பது அதன் இஷ்டம். எட்டு ஆப்புகளைக் கையால் செய்ய எவ்வளவு நேரமாகிவிடப் போகிறது?

ரிஸ்வான்: எட்டு போதுமா? என் சுவர் நல்ல வட்டம். பதினாறு வைத்தால்தானே ஒட்டி உட்காரும்?

ஒட்டித்தான் உட்காரும், ஆனால் அந்த ஒட்டல் யாருக்குத் தேவை என்று பார்க்க வேண்டும். வெளி எண்கோணத்தின் மூலைகளை 1 மீட்டர் ஆரத்தில் வைத்தால், ஒவ்வொரு பக்கத்தின் நடுவும் 92.4 செ.மீ.-இல் விழும். அதாவது கண்ணுக்குத் தெரியும் கல்லுக்குள் 7.6 செ.மீ. வரை ஆள் புகலாம். பதினாறு துண்டு போட்டால் அது 1.9 ஆகக் குறையும்.

ஆனால் எட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. மூலைகளை 104 செ.மீ.-க்குத் தள்ளுங்கள். மூலையில் 4 செ.மீ. வெளியே, நடுவில் 4 செ.மீ. உள்ளே என்று பிழை இரண்டு பக்கமும் பிரிந்துவிடும். உள்வட்டத்துக்கும் இதே கதைதான், 75-க்குப் பதில் 78. ஆடுபவரின் பாத்திரமே கொலிஷனில் ஒரு கேப்சூல்தான், அன்ரியலின் கேரக்டர் வகுப்பில் இயல்பாக 34 செ.மீ. ஆரம். அது சுவரை 4 செ.மீ. முன்னே பின்னே தொடுவதை மூன்றாம் நபர் கேமராவில் யாரும் கவனிக்கப் போவதில்லை. விஆர் விளையாட்டில் கையால் சுவரைத் தடவ முடியும் என்றால் மட்டும் பதினாறுக்குப் போங்கள்.

சுவருக்கு எட்டு, தூணுக்கு இரண்டு, உத்திரத்துக்கு ஒன்று, ஆக 11. கப்பிக்கும் கயிற்றுக்கும் ஒன்றும் வேண்டாம்.

செல்வி: கடைசி எல்ஓடி 180 முக்கோணம்தானே? அதையே கொலிஷனா வச்சா தனியா மாடல் பண்ற வேலை மிச்சம்.

பாதி சரி. கடைசி எல்ஓடி தூரத்தில் வெளிக்கோடு கெடாமல் இருக்கச் செய்த மெஷ். அது குழிந்த வடிவம். தூணும் சுவரும் ஒரே ஆப்ஜெக்டில் இருக்கும். அதை UCX ஆக்கினால் தூண் உச்சியிலிருந்து தரை வரை ஒரே கட்டியாகிவிடும், கவினுடைய மூடியைவிட மோசம்.

சரியான பாதி துப்பாக்கிக் குண்டில் இருக்கிறது. லைன் டிரேஸ் என்பது ஒரு கோட்டை நீட்டி அது எதில் படுகிறது என்று பார்ப்பது. அதில் Trace Complex இயக்கியிருந்தால், அது எளிய வடிவங்களை விட்டுவிட்டு மெஷ்ஷின் முக்கோணங்களையே தேடும். இயல்பாக அது எல்ஓடி 0, அதாவது 6,400 முக்கோணம். மெஷ் அமைப்புகளில் LOD For Collision என்பதை 2 ஆக்கினால் எல்ஓடி 2-இன் முக்கோணங்களைப் பயன்படுத்தும். ஒரு சின்ன விலை உண்டு: குண்டு பட்ட தடம் கல்லின் மேல் லேசாக மிதந்தோ புதைந்தோ தெரியலாம்.

ஜெபா: நான் பண்றது கிணறு இல்ல, குளம். படிக்கட்டுல ஏறும்போது கேமரா தடக் தடக்னு குதிக்குது. எத்தனை மீட்டர்ல எல்ஓடி மாத்தினா சரியாகும்?

எல்ஓடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. காட்சி மெஷ் எந்த எல்ஓடிக்கு மாறினாலும் எளிய கொலிஷன் அதேதான் இருக்கும். உங்கள் கேப்சூல் ஒவ்வொரு படியையும் தனித்தனியாக ஏறுகிறது, கேமரா அதோடு எகிறுகிறது.

படிகளின் கொலிஷனை எடுத்துவிட்டு, படிமுனைகளைத் தொட்டபடி ஒரே சாய்தளம் வையுங்கள். படி உயரம் 20, அகலம் 30 செ.மீ. என்றால் சாய்வு சுமார் 34 பாகை. கேரக்டரின் இயல்பு வரம்பு ஏறக்குறைய 45 பாகை, அதனால் தாராளமாக நடக்கும். குளத்துப் படிகள் செங்குத்தாக, 25-க்கு 22 என்று இருந்தால் 48 பாகையைத் தாண்டும். அப்போது ஆள் வழுக்குவார், வரம்பைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும்.

சாய்தளம் வைத்தால் கால் படியில் படாமல் மிதக்கும். பாதத்தைத் தரையில் பதிக்கும் ஐகே இருந்தால், அதன் டிரேஸுக்கு மட்டும் Trace Complex கொடுங்கள். உடம்பு சாய்தளத்தில் போகும், பாதம் உண்மையான படியைத் தேடிக்கொள்ளும்.

மதுமிதா: எல்ஓடி எத்தனை மீட்டர்ல மாறணும்னு போட இடமே இல்ல. Screen Size-ன்னு ஒரு எண்தான் கேக்குது.

அன்ரியல் மீட்டரைப் பார்ப்பதில்லை. பொருளைச் சுற்றி ஒரு கோளம் வைத்து, அது திரையில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று பார்க்கிறது. கிடைமட்டப் பார்வைக் கோணம் 90 பாகை, திரை 16:9 என்றால் கணக்கு இதுதான்:

```
Screen Size = 1.78 × R / D
```

R கோளத்தின் ஆரம், D தூரம். நம் கிணற்றுக்கு ஆரம் சுமார் 1.8 மீட்டர், ஆகவே 3.2-ஐத் தூரத்தால் வகுத்தால் போதும். 8 மீட்டரில் எல்ஓடி 1 வர 0.4, 20 மீட்டரில் எல்ஓடி 2 வர 0.16, 50 மீட்டரில் எல்ஓடி 3 வர 0.064. முதலில் Auto Compute LOD Distances டிக்கை எடுத்துவிடுங்கள், அப்புறம்தான் எண்ணைத் தட்டச்சிட முடியும்.

மீட்டர் இல்லாததில் ஒரு லாபம் இருக்கிறது. ஆடுபவர் ஸ்கோப்பில் பார்த்தால் கோணம் 30 பாகைக்குச் சுருங்கி, உருவம் ஏறக்குறைய 3.7 மடங்கு பெரிதாகும். 50 மீட்டரில் நிற்கும் கிணற்றுக்கு 13 மீட்டருக்கான எல்ஓடி தானாக வந்துவிடும்.

சரியாக மாறுகிறதா என்று பார்க்க Mesh LOD Coloration காட்சி முறை போதும். ஒரு எல்ஓடியைக் கட்டாயமாகக் காட்ட:

```
r.ForceLOD 2
```

ஆனால் எல்ஓடி 2-ஐ மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்துப் பதறாதீர்கள். அதை 20 மீட்டரில் நின்றுதான் மதிப்பிட வேண்டும்.

அரவிந்த்: டெசிமேட்ல 0.4, 0.1, 0.03-ன்னு போட்டு மூணு எல்ஓடி எடுத்தேன். எண்ணிக்கை குறைஞ்சிடுச்சு. ஆனா தூரத்துல கயிறு மினுக் மினுக்னு விட்டு விட்டுத் தெரியுது.

இந்தக் கேள்விக்காகவே கிணற்றில் கயிறு வைத்தேன்! 1920 பிக்சல் அகலத் திரை, அதே 90 பாகை என்றால், ஒரு பொருளின் அளவை 960-ஆல் பெருக்கி தூரத்தால் வகுத்தால் அது எத்தனை பிக்சல் என்று கிடைக்கும். 3 செ.மீ. கயிறு 20 மீட்டரில் 1.4 பிக்சல். 29 மீட்டரில் ஒரு பிக்சலுக்குக் கீழே போகிறது. அதற்குப் பின் கேமரா அசைய அசைய, பிக்சலின் நடுப்புள்ளி சில நேரம் கயிற்றில் விழும், சில நேரம் விழாது. அதுதான் மினுக்கு.

டெசிமேட் இதைச் சரிசெய்யாது, மோசமாக்கும். அது கயிற்றின் வட்டத்தை நசுக்கி இன்னும் ஒல்லியாக்கிவிடும். கயிற்றைத் தனியாக எடுத்து, எல்ஓடி 2-இல் மூன்று முகம் மட்டுமுள்ள பட்டகமாகச் செய்து, தடிமனை 5 செ.மீ. ஆக்குங்கள். 48 மீட்டர் வரை ஒரு பிக்சலுக்குக் குறையாது. 20 மீட்டரில் மாறும்போது ஒரு பிக்சல் தடிப்பது கண்ணில் படாது. 50-க்கு அப்பால் எல்ஓடி 3 வரும், அதில் கயிறே வேண்டாம்.

மற்றதையும் இப்படித்தான் யோசிப்பேன். எல்ஓடி 1-இல் கற்களின் விளிம்புச் சரிவும் கிணற்று உட்சுவரின் நுணுக்கமும் போகும், சுமார் 2,400. எல்ஓடி 2-இல் கப்பியின் 24 பக்கம் 8 ஆகும், சுவர் 16 பக்கமாகும், சுமார் 700. 180 வரை போவது கையால் செய்தால் அரை மணி நேர வேலை. டெசிமேட்டை எல்ஓடி 1-க்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மாறும் நொடியில் சட்டென்று தெரிந்தால் முதலில் வெளிக்கோட்டைப் பழிக்காதீர்கள். பெரும்பாலும் பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்லும் நார்மல்கள்தான் காரணம், வெளிச்சம் விழும் விதம் மாறிவிடும். எல்ஓடி 0-இன் நார்மல்களை டேட்டா டிரான்ஸ்ஃபர் மாடிஃபையரால் கீழே கொண்டுவந்து பாருங்கள். அப்புறமும் உறுத்தினால் மெட்டீரியலில் Dithered LOD Transition.

ஸ்டீபன்: இயற்பியலில் கொஞ்ச காலம் வேலை செய்தவன். சுவர் மேல் கோலி உருட்டினால் துண்டுகளின் இணைப்பில் துள்ளும். அதைச் சொல்லவில்லையே?

துள்ளும், உண்மைதான். கோலி ஒரு துண்டிலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது, உள்ளே மறைந்திருக்கும் பக்கத்தை முட்டியதாக எஞ்சின் எண்ணிவிடுகிறது. மேல்முகங்களை ஒரே மட்டத்தில் துல்லியமாக வைத்தால் குறையும், முழுதாகப் போனதாக நான் பார்த்ததில்லை. கிணறு அசையாப் பொருள் என்பதால், வளையத்தைக் குறைந்த முக்கோண மெஷ்ஷாகச் செய்து Complex Collision Mesh-இல் கொடுத்து, Use Complex Collision As Simple வைத்துப் பார்க்கலாம். ஆனால் முக்கோண விளிம்புகளிலும் இதே தொல்லை வரக்கூடும். உங்களிடம் நல்ல வழி இருந்தால் எழுதுங்கள், எனக்கும் வேண்டும்.

நிலா: நானைட் இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு மேடம்?

தூரத்துக்கு ஏற்ப முக்கோணங்களை அன்ரியலே குறைத்துக்கொள்ளும் முறைதான் நானைட், அதனால் அது ஓடும் கணினியில் எல்ஓடி வேண்டாம். மொபைல் ரெண்டரரில் நானைட் இல்லை, அங்கே வேண்டும். கொலிஷன் துண்டுகள் இரண்டு இடத்திலும் வேண்டும், ஏனென்றால் நானைட் வரைவதோடு சரி, வாளி இடிப்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

பிரபு: கோடோவுக்கும் UCX பெயர்தானா?

இல்லை. கோடோ வேறு எஞ்சின், அங்கே பின்னொட்டு:

```
Well_00-convcolonly
```

ஒவ்வொரு துண்டுக்கும் இப்படி வைத்தால் கான்வெக்ஸ் கொலிஷனாக மாறி, கண்ணுக்குத் தெரியும் மெஷ் நீக்கப்படும். கோடோ 4 எல்ஓடிகளை இறக்குமதியிலேயே தானாகச் செய்துகொள்ளும். கயிற்றை மட்டும் ஒரு தடவை தூரத்தில் நின்று பார்த்துவிடுங்கள்.