நண்பனிடம் சம்பளம் கேட்பது எப்படி? – கேள்வி பதில்

நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் போடும் பிரிவில் இருக்கிறேன். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில்.

“நானும் நண்பனும் வேறு வேறு துறை. சம்பளத்தை வெளிப்படையாகப் பேசிக்கொள்ள ஆசை. ஆனால் எப்படி ஆரம்பித்தாலும் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது.”

எனக்கும் ஆனது. என் கல்லூரி நண்பன் சரக்குக் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். கணக்குக்காக என் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை பேசியபோது நான் 150 என்றேன், அவன் 220 என்றான். அதோடு பேச்சு நின்றது. ஒரு வாரம் எனக்கு உள்ளுக்குள் புகைந்தது. உண்மையில் இரண்டு பேருமே தப்பான எண்ணைச் சொல்லியிருந்தோம். அடுத்த தடவை அவன் கப்பலை விட்டு இறங்கி வந்தபோது பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தோம்.

“நீ சொன்ன 150 மாசாமாசம் வருதா?”

“இல்லடா. ஆஃபர் லெட்டர்ல வருஷத்துக்கு 1800னு இருக்கு. அதை 12ஆல வகுத்துச் சொன்னேன்.”

“1800ல என்னென்ன இருக்கு?”

“சம்பளம் 1200. போனஸ் 300, ஆனா மூணு வருஷமா 180தான் தர்றாங்க. மீதி 300 ஷேர்.”

“ஷேரை வித்தியா?”

“விக்க முடியாது. கம்பெனி இன்னும் பங்குச் சந்தைக்கே வரலை.”

“அப்ப 1380னு சொல்லு.”

“சரி, 1380. உன் 220?”

“அது கப்பல்ல இருக்கற மாசத்துக்கு. போன வருஷம் 7 மாசம் இருந்தேன். வீட்டுல இருந்த 5 மாசத்துக்கு ஒண்ணும் கிடையாது.”

“1540.”

“அதுல கோர்ஸுக்கு 40 என் கைக்காசு. சர்டிபிகேட் புதுப்பிக்கலைன்னா கப்பல்ல ஏத்த மாட்டாங்க.”

அந்தச் சர்டிபிகேட் 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது. ஆகவே வருடத்துக்கு 8 கழித்தால் போதும் என்றேன். 1532. மாதம் 70 வித்தியாசம் என்று நான் புகைந்தது கடைசியில் மாதம் 12 சொச்சத்தில் வந்து நின்றது.

கூச்சம் எங்கே போனது என்று கவனித்தீர்களா? அவன் என்னிடம் கேட்டது எல்லாம் சம்பளக் கணக்கில் உள்ள இனங்களைப் பற்றி. நான் எவ்வளவு பெறத் தகுந்தவன் என்ற பேச்சே வரவில்லை. அதனால் மாதத் தொகை கேட்காதீர்கள். “போன வருஷம் மொத்தம் என்ன வந்தது, வரிக்கு முன்னால்?” என்று கேளுங்கள். கேட்பதற்கு முன் உங்களுடையதைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாமல் அவரை மட்டும் கேட்டால் அது விசாரணை மாதிரி இருக்கும்.

“நான் வங்கி, தோழி மருத்துவமனை. எனக்கு 90, அவளுக்கு 80. யாருக்கு அதிகம்?”

மேலே உள்ள பதிலைப் படியுங்கள். இவை மாதத் தொகைகள். அவருக்கு இரவுப் பணிக்கான படி தனியாக வருகிறதா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

“சம்பளத்தை வெளியில் சொல்லக்கூடாது என்று என் வேலை ஒப்பந்தத்தில் இருக்கிறது. நண்பனிடம் சொன்னால் மாட்டிக்கொள்வேனா?”

நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி, தனியார் துறையில் பெரும்பாலான ஊழியர்கள் தங்களுக்குள் சம்பளம் பேசுவதைத் தடுக்க முடியாது. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், ஊதியத்தில் பாகுபாடு இருக்கிறதா என்று அறியப் பேசுகிறவருக்கு எதிராக அத்தகைய நிபந்தனையைச் செல்லாததாக்குகிறது. இவை முக்கியமாகச் சக ஊழியர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வேறு துறை நண்பன் என்றால் உங்கள் ஒப்பந்தத்தின் வாசகத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் உறுதி: உங்கள் சம்பளம் வேறு, வேலை காரணமாக உங்களுக்குத் தெரியவரும் அடுத்தவர் சம்பளம் வேறு. என் மேஜைக்கு வரும் பட்டியலில் இருந்து ஒரு எண்ணைக்கூட அந்த நண்பனிடம் நான் சொன்னதில்லை.

“நானும் கப்பலில்தான் இருக்கிறேன். உங்கள் கணக்கு தப்பு. ஏழு மாதம் 24 மணி நேரமும் நாங்கள் வேலை இடத்திலேயே கிடக்கிறோம். மணிக்கணக்கில் பார்த்தால் உங்களைவிட எங்களுக்குக் குறைச்சல்.”

மணிக்கணக்கும் போட்டோம். அவன் வாரம் 65 மணி, 30 வாரம், ஆக 1950. நான் வாரம் 45, 47 வாரம், ஆக 2115. மணிக்கு அவனுக்கு 0.79, எனக்கு 0.65. நீங்கள் சொல்வதைத்தான் அவனும் சொன்னான். ஆள் இல்லாத எஞ்சின் ரூம் என்றால் ராத்திரி அலாரம் டியூட்டி இன்ஜினியரின் கேபினில்தான் அடிக்கும். அது தூக்கமா, வேலையா?

நீங்கள் பாதி சரி. கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம், 2006, 24 மணியில் குறைந்தது 10 மணி, 7 நாளில் 77 மணி ஓய்வு வேண்டும் என்கிறது. அழைப்பால் ஓய்வு கெட்டால் ஈடான ஓய்வு தர வேண்டும் என்றும் இருக்கிறது. ஆகவே எழுந்துபோன நேரத்தை வேலை மணியில் சேர்க்கலாம். ஆனால் கேபினில் படுத்திருந்த நேரம் முழுவதையும் சேர்த்தால், கப்பலில் உங்களுக்குச் செலவில்லாமல் கிடைக்கும் சாப்பாட்டையும் படுக்கையையும் வரவில் சேர்க்க வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

“ஐந்து மாதம் லீவு என்றால் சுகம்தானே? ஆசிரியைகளான எங்களுக்கு இரண்டு மாதம்கூட இல்லை.”

அது லீவு இல்லை அம்மா, சம்பளம் இல்லாத காலம். உங்கள் விடுமுறையில் சம்பளம் வருகிறதா, வரவில்லையா என்று பார்த்துச் சொல்லுங்கள். சில கப்பல் நிறுவனங்கள் லீவுக்கும் சம்பளம் தருகின்றன. அவன் நிறுவனம் தருவதில்லை.

“சாப்பாடு, படுக்கையை வரவில் சேர்ப்பதா? வீட்டு வாடகை நான் இல்லாதபோதும் போய்க்கொண்டுதானே இருக்கிறது! (மறுபடியும் நான்தான்)”

இதில் உங்கள் பக்கம் பலமானது. படுக்கையால் உங்களுக்கு எதுவும் மிச்சமாகவில்லை என்றால் சேர்க்க வேண்டாம். தனியாள், வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ஏறுகிறவர் என்றால் சேர்க்கலாம். சாப்பாட்டுச் செலவு ஒருவருடையது குறைகிறது, அதை மட்டும் போடுங்கள். ராத்திரிகளுக்கு என்ன விலை என்பதை நாங்கள் முடிவு செய்யவில்லை. அவன் எடுத்துக்கொண்ட எண் எனக்கு அதிகமாகப் பட்டது.

“வேறு துறை நண்பரின் சம்பளத்தைக் காட்டி உயர்வு கேட்கலாமா?”

கூடாது. உங்கள் மேலாளர் உங்கள் வேலைக்கு ஆள் தேடினால் என்ன கொடுக்க வேண்டியிருக்கும் என்றுதான் பார்ப்பார். நண்பரிடமிருந்து எடுத்துவரத் தக்கது வேறு. ஷேரை விற்க முடியுமா என்று அவன் கேட்ட பிறகுதான், அடுத்த பேச்சுவார்த்தையில் ஷேரைக் குறைத்து மாதச் சம்பளத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்டேன். பாதி கொடுத்தார்கள்.

“என் நண்பன் என்னில் பாதிதான் வாங்குகிறான். எப்படிச் சொல்வது?”

அவர் கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள், கேட்காவிட்டால் ஏன் சொல்ல வேண்டும்? தொகையைக் குறைத்து மட்டும் சொல்லாதீர்கள். ஒருநாள் தெரியவரும்போது அந்தப் பொய்தான் அவருக்கு வலிக்கும்.

“எனக்குக் கைக்கு 85 வருகிறது, அவனுக்கு 92. யாருக்கு அதிகம்?”

மூன்றாவது தடவை! கைக்கு வருவதில் உங்கள் கடன் தவணை, நீங்களாகப் பிடிக்கச் சொன்ன சேமிப்பு எல்லாம் கழிந்திருக்கும். போன வருஷம் மொத்தம், வரிக்கு முன்னால்.

“சார், அந்த ராத்திரிக் கணக்கை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.”

தெரியும், அவனும்தான். போன வாரம் மறுபடி கப்பல் ஏறிவிட்டான். இறங்கி வந்ததும் பேப்பரை எடுப்போம்.