9,000 பிளஸ் பிளஸ் எண்டா எவ்வளவு?

கேள்வி: மாங்குளத்தில இருக்கிறன், தனியத்தான் ரெண்டு பிள்ளையளையும் பாக்கிறன், மூத்தவனுக்கு 9, சின்னவளுக்கு 5. ஓகஸ்ட் லீவுக்கு நிலாவெளியில ரெண்டு இரவு நிண்டு கொஞ்சம் ஆறுதலா இருக்கோணும். கையில 45,000தான். ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல "இரவுக்கு 9,000 பிளஸ் பிளஸ்" எண்டு சொல்லீனம், அட்வான்ஸ் போடட்டோ?

பதில்: இன்னும் போடாதேங்கோ தங்கச்சி. அந்த ரெண்டு பிளஸ்ஸும்தான் ஆளைக் கவிழ்க்கிறது. முதல் பிளஸ் சேவைக் கட்டணம், வழமையா 10 வீதம், அப்ப 9,900. அதுக்கு மேல வற் வரி 18 வீதம் போட்டா 11,682. ரெண்டு இரவுக்கு 23,364, நீங்கள் மனசில வச்சிருந்தது 18,000 எண்டா 5,364 ரூபா போய்ட்டுது, அது மூண்டு பேரின்ர சாப்பாட்டுக் காசு! இன்னொண்டு, வற்றுக்குப் பதிஞ்ச இடம்தான் வற் எடுக்கலாம், அதால பில்லில வற் நம்பர் போடுவீங்களோ எண்டு கேளுங்கோ, சின்ன இடங்கள் கன இடத்தில பதிவே இருக்காது, அப்பிடியெண்டா அந்த 18 வீதத்தை நீங்கள் குடுக்கத் தேவையில்லை. ஏமாத்தினா பாவனையாளர் அதிகார சபை 1977க்கு அடிக்கலாம், ஆனா லீவில ஆர் அலையிறது, முதலே கேட்டு வைக்கிறதுதான் லேசு.

அதால வட்சப்பில இப்பிடி எழுதிக் கேளுங்கோ: "ஒரு பெரிய ஆள், 9 வயசு, 5 வயசு, ரெண்டு இரவு, காலைச் சாப்பாட்டோட, எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?" சின்னவள் உங்களோட ஒரே கட்டில்ல படுத்தா கன இடத்தில காசு எடுக்கமாட்டினம், மூத்தவனுக்கு மேலதிக மெத்தைக்குத்தான் கேப்பினம். "கடற்கரைக்குக் கிட்ட" எண்டு சொன்னா மட்டும் நம்பாதேங்கோ, லொக்கேஷன் அனுப்பச் சொல்லுங்கோ. நான் ஒருக்கா நம்பிப் போய், மெயின் ரோட்டுக்கு மற்றப் பக்கம் ரூம், ஒவ்வொரு குளிப்புக்கும் பிள்ளையளை ஓட்டோவில ஏத்தி இறக்கி, லீவு முடிய எனக்கு இன்னொரு லீவு தேவைப்பட்டுது.

வான் பிடிக்க வேண்டாம், வவுனியாவுக்குப் போய் ஹொரவப்பொத்தானைப் பக்கத்தால போற திருமலை பஸ்ஸில விடியவே ஏறினா சீட் கிடைக்கும். ஓகஸ்ட்டில அந்தப் பக்கக் கடல் அமைதி, டிசம்பர் லீவுக்குத் தள்ளிப்போடாதேங்கோ, அப்ப வாடைக்காத்தில அலை பிள்ளையளுக்குச் சரிவராது. சனி ஞாயிறையும் போயா நாளையும் விட்டு செவ்வாய் புதன் போனா ரூம் விலையும் பேசலாம்.

புறாத்தீவு, கன்னியா வெந்நீர், கோணேசர் எல்லாத்தையும் இந்த ரெண்டு நாளில அடுக்காதேங்கோ. கோணேசர் மட்டும், வீட்ட திரும்புற நாள் காலமை. நடுநாள் கடலும் நித்திரையும்தான்.

ரூம் பின்னேரம் 2 மணிக்குத்தான் தருவினம், நீங்கள் 11 மணிக்கே போய் இறங்குவீங்கள், பையை வச்சிட்டுப் போகலாமோ எண்டும் கேட்டு வையுங்கோ. பிள்ளையளின்ர குளிக்கிற உடுப்பைப் பைக்கு மேலேயே வையுங்கோ, எல்லாத்தையும் கிளறி எடுக்கத் தேவையில்லை.