இரு அணியும் கோல் அடிக்கும் வாய்ப்பு: 0-0 கூடினால் குறையுமா?

“1.5, 1.1 என்ற கோல் சராசரிகளிலிருந்து, இரு அணியும் கோல் அடிக்கும் வாய்ப்பை 51.8% எனக் கணக்கிட்டேன். இரு அணிகளின் கோல்கள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதை, அதாவது சார்பை, கணக்கில் சேர்த்தால் 0-0 கூடும் என்கிறார்கள். அப்படியானால் இந்த வாய்ப்பு குறைய வேண்டாமா?”

குறையாது, கூடும். முதல் அணி கோல் அடிக்காத வாய்ப்பு 22.3%, இரண்டாவதற்கு 33.3%, இவ்விரண்டையும் 100-இலிருந்து கழிக்கும்போது 0-0 இருமுறை கழிந்துவிடுவதால், அதை ஒருமுறை திரும்பக் கூட்டுகிறோம். சராசரிகள் மாறாதவரை சார்பு நுழையும் ஒரே வாயில் அந்த 0-0 தான்.

சார்பில்லை என்றால் 0-0 இன் வாய்ப்பு 7.4%. குறைந்த கோல் ஸ்கோர்களின் வாய்ப்பைச் சரிசெய்யும் டிக்சன்-கோல்ஸ் திருத்தத்தில், சார்பின் அளவைக் குறிக்கும் ரோ -0.1 என்று கொண்டால், அது 1 + 0.1 × 1.5 × 1.1, அதாவது 1.165 மடங்காகி 8.7% ஆகிறது, உங்கள் 51.8% ஏறத்தாழ 53% ஆகிறது. 1-0, 0-1 ஆகியவற்றிலிருந்து எடுக்கப்பட்ட வாய்ப்பு 0-0 க்கும் 1-1 க்கும் சமமாகப் போயிருக்கிறது என்பதை ஸ்கோர் அட்டவணையில் காணலாம்.

இரு அணியின் கோல்களிலும் சேரும் ஒரு பொதுக் கூறு வழியாகச் சார்பைக் கொண்டுவரும் இருமாறிப் பாய்சான் மாதிரியைப் பயன்படுத்தினால், அந்தக் கூறைச் சராசரிகளின் மேல் கூட்டாதீர்கள், அவற்றுக்குள்ளிருந்தே பிரித்தெடுங்கள். இல்லையேல் கோல்களே பெருகி, அந்த உயர்வு சார்பினால் வந்ததுபோலத் தோன்றும்.

ஆயினும், என் கருத்தில் உங்கள் உழைப்பு முதலில் சேர வேண்டிய இடம் பலவீனமான அணியின் சராசரிதான்: 1.1 உண்மையில் 1.0 ஆக இருந்தால், 51.8% என்பது 49.1% ஆக இறங்கிவிடும்; இது சார்பு தரும் மாற்றத்தைப்போல் இரு மடங்குக்கும் மேல்.