பீட்டா 0.6 என்றால் பாதுகாப்பான பங்கா?

அன்புள்ள ஐயா,

ஒரு சிறிய நிறுவனத்தின் பங்கை வாங்க நினைக்கிறேன். அதன் 60 மாத வருவாய் விகிதங்களை நிஃப்டி 50-இன் மாத வருவாய் விகிதங்களோடு எக்செல்லில் ரிக்ரெஷன் செய்தேன். பீட்டா 0.6, ஆர்-ஸ்கொயர் 0.10 வந்தது. பீட்டா ஒன்றுக்குக் கீழே இருப்பதால் பாதுகாப்பான பங்கு என்கிறார் தரகர். ஆர்-ஸ்கொயர் இவ்வளவு குறைவென்றால் கணக்கே தவறு என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?

எஸ்., சேலம்

அன்புள்ள எஸ்.,

இருவர் சொல்வதும் சரியில்லை. தரகர் சொன்னதுதான் உங்கள் பணத்துக்கு ஆபத்தானது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

சந்தையோடு சேர்ந்து இந்தப் பங்கு எவ்வளவு ஆடுகிறது என்பதை மட்டுமே பீட்டா சொல்கிறது. தனியாக எவ்வளவு ஆடுகிறது என்பதை அறிய ஆர்-ஸ்கொயர் வேண்டும். நிஃப்டியின் மாதத் திட்ட விலக்கம் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தையால் வரும் ஆட்டம் 0.6 × 5 = 3; அதன் வர்க்கம் 9. மொத்த ஆட்டத்தின் வர்க்கத்தில் இது 10 சதவீதம்தான் என்கிறது உங்கள் ஆர்-ஸ்கொயர். அப்படியானால் மொத்தம் 90, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 9.5. நிஃப்டியைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆடுகிற பங்கு இது! இதைப் பாதுகாப்பு என்று சொல்லி விற்பதை என்னால் ஏற்க முடியாது. முப்பது பங்குகளில் ஒன்றாக வைத்திருந்தால் அந்தத் தனி ஆட்டம் பெருமளவு ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும்; அப்போது 0.6-ஐப் பார்க்கலாம். சேமிப்பு முழுவதையும் இதில் போட்டால் நீங்கள் தாங்க வேண்டியது 9.5.

நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். ஆர்-ஸ்கொயர் குறைந்ததால் கணக்கு தவறாகிவிடாது. ஒரே தொழிற்சாலையை நம்பியிருக்கும் சிறிய நிறுவனத்துக்கு அது குறைவாக வருவது இயல்பு. ஆனால் பீட்டாவின் துல்லியம் குறையும். பங்கு B பத்தியிலும் நிஃப்டி C பத்தியிலும் இருந்தால் இதைத் தட்டிப் பாருங்கள்:

```
=INDEX(LINEST(B2:B61,C2:C61,TRUE,TRUE),2,1)
```

பீட்டாவின் திட்டப் பிழை ஏறக்குறைய 0.24 என்று வரும். அதை இரண்டால் பெருக்கி 0.6-இன் இரு பக்கமும் வைத்தால், உண்மையான பீட்டா 0.1-லிருந்து 1.1 வரை எங்கும் இருக்கலாம். சந்தையைவிடக் குறைவாக ஆடுகிறது என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியாது.

இன்னொரு சந்தேகமும் எனக்கு இருக்கிறது. வர்த்தகம் மந்தமான பங்கில் மாதக் கடைசி விலை சில நாள் பழையதாக இருக்கக்கூடும். சந்தை நகர்ந்தது அடுத்த மாதக் கணக்கில்தான் தெரியும். பீட்டா குறைந்து காட்டும். மாதக் கடைசி நாட்களில் எத்தனை பங்குகள் கைமாறின என்று பாருங்கள். மிகக் குறைவென்றால், முந்தைய மாத நிஃப்டியை D பத்தியில் சேர்த்து மீண்டும் ரிக்ரெஷன் செய்து, இரண்டு கெழுக்களையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 0.6-இலிருந்து நன்றாக மேலே போனால், தரகர் காட்டிய அந்தக் குறைந்த பீட்டா வர்த்தக மந்தத்தால் வந்திருக்க வாய்ப்பு அதிகம்.