கை படாத நாடு

கேள்வி: சமூகக் கோட்பாட்டுத் தாளுக்காக, வளர்ச்சி அறிக்கைகள் ஏழை நாடுகளைக் காட்டும் விதத்துக்குப் பின்காலனிய விமர்சனத்தைப் பொருத்தி ஒரு கட்டுரை எழுத வேண்டும். கிழக்கை மேற்கு சித்திரிக்கும் விதத்தை விமர்சித்த எட்வர்ட் சயீதிடம் தொடங்கலாமா, வளர்ச்சி என்ற கருத்தையே விமர்சித்த அர்துரோ எஸ்கோபாரிடமா?
– ஆய்வு மாணவர், திருச்சி

பதில்: 'பொருத்தி' என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு எரிச்சல். எங்களுக்கு வரும் கட்டுரைகளில் பாதி பொருத்துகிற கட்டுரைகள். முதல் பக்கத்தில் சயீத், இரண்டாம் பக்கத்தில் ஃபூக்கோ, அப்புறம் ஏதோ ஓர் அறிக்கையிலிருந்து நாலு வரி, கடைசியில் 'இவ்வாறாக மேற்குலகம் மற்றமையைக் கட்டமைக்கிறது'. அந்த நாலு வரியை எடுத்துவிட்டு ரசம் வைக்கும் குறிப்பைச் செருகினாலும் அதே முடிவுதான் வரும். இதைச் சொல்லி ஒரு பேராசிரியரின் கட்டுரையைத் திருப்பி அனுப்பினேன். இன்றும் கூட்டங்களில் என்னைப் பார்த்தால் மேடையின் மறுபக்கமாக இறங்கிப் போகிறார். பரவாயில்லை, அவர் பேச்சும் நீளம்.

சரி, இருவரிடமும் தொடங்க வேண்டாம். ஓர் அறிக்கையில் தொடங்குங்கள். 1975-ல் உலக வங்கி, நாலா பக்கமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்த சிறு நாடான லெசோத்தோ பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 1966-ல் விடுதலை பெற்றபோது அந்த நாடு நவீனப் பொருளாதார வளர்ச்சியின் கை ஏறக்குறைய படாத, தன் தேவைக்கு மட்டும் விளைவித்துக்கொள்ளும் மரபான குடியானவர் சமூகமாக இருந்தது என்று அதில் வருகிறது. ஜேம்ஸ் ஃபெர்குசன் என்ற மானுடவியலாளர் 1990-ல் வந்த தன் நூலில் இந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அந்த நாட்டின் பசோத்தோ மக்கள் வெளியாருக்குத் தானியம் விற்றவர்கள். 1860-களின் போர்களில் நல்ல விளைநிலத்தை டச்சு வம்சாவளிக் குடியேறிகளான போயர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். மிச்சமிருந்தது பெரும்பாலும் மலை. ஆண்கள் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்குப் போனார்கள். எழுபதுகளில் கிராமக் குடும்ப வருமானத்தில் சுமார் 70 சதவீதம் அங்கிருந்து வந்த கூலி, உள்ளூர் விளைச்சலின் பங்கு 6 சதவீதம். இவர்களைத்தான் அறிக்கை விவசாயிகள் என்றது.

இங்கே பலர் 'பார், காலனியப் பார்வை' என்று கத்திவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். அறிக்கை எழுதியவர்கள் முட்டாள்கள் அல்ல, சுரங்கக் கூலி விவரமும் அவர்களுக்குத் தெரியும். அப்படியிருந்தும் ஏன் இப்படி எழுதினார்கள்? ஃபெர்குசனின் பதில் இதுதான்: வறுமைக்குக் காரணம் தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக் கூலி முறை என்று எழுதினால் வங்கி எதற்குக் கடன் கொடுக்கும்? பழைய சாகுபடி முறை, சாலை இல்லை, சந்தை இல்லை என்று எழுதினால் உடனே ஒரு திட்டம் தயார். காரணம் எல்லைக்கோட்டுக்குள்ளேயே இருந்தாக வேண்டும். 1970-ல் தேர்தலில் தோற்ற பிரதமர் லெயாபுவா ஜொனாதன் முடிவையே ரத்து செய்துவிட்டு ஆட்சியில் உட்கார்ந்துகொண்டாரே, அந்த அரசை மக்களுக்கு உதவும் ஓர் இயந்திரமாக மட்டும் காட்டியாக வேண்டும். உங்கள் கட்டுரையின் முதுகெலும்பு இதுவாக இருக்கட்டும்.

அடுத்து, அந்த வாக்கியம் மலையேறிப் போய் என்ன செய்தது என்று பாருங்கள். லெசோத்தோ மலைப்பகுதியில் நடந்த தாபா-ட்சேக்கா திட்டம், கனடாவும் உலக வங்கியும் போட்ட பணம். மாடுகளை அளவுக்கு மீறி வைத்துக்கொண்டு விற்காமல் இருப்பது மரபின் பிடிவாதம் என்று முடிவு கட்டி, உயர்ரக மாடு, வேலி போட்ட மேய்ச்சல் நிலம் என்று இறங்கினார்கள். அந்த மாடுகளோ பெரும்பாலும் சுரங்கக் கூலியில் வாங்கியவை. கையில் காசாக இருந்தால் மனைவி கேட்பார், மச்சான் கேட்பான். மாடாகிவிட்டால் பெரிய நெருக்கடி வந்தால் தவிர விற்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். சுரங்கத்தைவிட்டுத் திரும்பும் வயதுக்கு அதுதான் சேமிப்பு. (இதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான இழுபறியையும் ஃபெர்குசன் காட்டுகிறார். உள்ளூர் மரபு என்றாலே புனிதம் என்று கும்பிடுகிற நம் பின்காலனிய நண்பர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுவார்கள்.) ஊர்க்காரர்கள் வேலியை வெட்டினார்கள், கதவுகள் காணாமல் போயின. கால்நடை வளர்ச்சி நடக்கவில்லை. ஆனால் சாலை வந்தது, அந்தச் சாலையில் அரசு அலுவலகங்கள் வந்தன, ஜொனாதன் அரசின் கை மலைவரை நீண்டது.

இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. அறிக்கையின் வார்த்தைகளை மட்டும் வைத்துக்கொண்டு அது பொய் என்று நிரூபிக்க முடியாது. கூலிக் கணக்கும் நில வரலாறும் வெளியிலிருந்து வர வேண்டும். அவை கிடைக்காத நாட்டைத் தேர்ந்தெடுத்தால் மறுபடியும் பொருத்த ஆரம்பித்துவிடுவீர்கள்.

லெசோத்தோ என்றதும் இன்னொன்று, உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை. பிற்பாடு அந்த மலைத் தண்ணீரை ஜோகன்னஸ்பர்க் பக்கம் அனுப்ப உலக வங்கிக் கடனும் சேர்த்து அணை கட்டினார்கள். அதில் லஞ்சம் கொடுத்ததாக ஏக்கர்ஸ் இன்டர்நேஷனல் என்ற கனடா நிறுவனத்தை 2002-ல் லெசோத்தோ நீதிமன்றம் குற்றவாளி என்றது. உலக வங்கி அந்த நிறுவனத்துக்குத் தடை போட்டது 2004-ல், அதுவும் மூன்று வருடத்துக்கு.